வெளிநாட்டு வேலைக்குப் போனபின் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலைக்காக வெளிநாடு போய்விட்டால், ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடு வாழ்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்க வேண்டும். படிவத்தை நிரப்புவது பெரிய வேலை இல்லை. கணக்கு மாறிய பிறகு வருவதுதான் தலைவலி. வீட்டில் மனைவி வைத்திருக்கும் ஏடிஎம் கார்டு நின்றுபோகும். வண்டிக் கடனுக்கான இஎம்ஐ திரும்பிவிடும். சில சமயம் அப்பாவின் பென்ஷன் கணக்குமீதும் என்ஆர்ஐ முத்திரை விழுந்துவிடும். இந்த மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம் என்பதால், படிவத்தைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

ஓர் உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். திருச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் ஜூன் மாதம் துபாயில் ஏசி டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்கிறார். ஊரில் மனைவியோடு சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு, அதே வங்கியில் 5 லட்ச ரூபாய்க்கு ஒரு எஃப்டி. மாடி வீட்டு வாடகை மாதம் 9,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. பைக் கடனுக்கான இஎம்ஐயும் அதிலிருந்துதான் போகிறது. இது போக, அப்பாவின் பென்ஷன் கணக்கில் இவர் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

எப்போது கேட்க வேண்டும்

"182 நாள் வெளியே இருந்தால்தானே என்ஆர்ஐ? இன்னும் நாள் இருக்கிறதே" என்று பலரும் தள்ளிப்போடுவார்கள். அந்த 182 நாள் வருமான வரிக்கு முக்கியம். வங்கிக் கணக்கு எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. அதிலும் 182 நாள் வருகிறதுதான். ஆனால் வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியவருக்குத் தனி விதிவிலக்கு உண்டு. அவர் கிளம்பியதிலிருந்தே இந்தியாவுக்கு வெளியே வசிப்பவராகக் கணக்கில் வருகிறார். எனவே நம் துபாய்க்காரர் ஜூனில் விமானம் ஏறியதுமே அவருடைய கணக்கு மாற வேண்டிய கணக்குதான்.

நேபாளம், பூட்டான் இரண்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த மாற்றம் தேவையில்லை. இங்குள்ள கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒரு வேலையாக அனுப்பி, திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் பயணமும் இதில் சேராது.

நடைமுறையில், விசாவோ குடியிருப்பு அட்டையோ இல்லாமல் வங்கி விண்ணப்பத்தை வாங்காது. அதனால் அமீரகமாக இருந்தால் எமிரேட்ஸ் ஐடி, மற்ற நாடுகளில் வேலை அனுமதிச் சீட்டு கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள் என்பேன். ஃபெமாவை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைக் கணக்கிட முடிகிற இடத்தில் அதன் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிளை கவுன்ட்டரில் யாரும் அதை வசூலிக்கப்போவதில்லை. ஆனால் நாளைக்கு ஊரில் ஒரு மனையை விற்று அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக நினைக்கும்போது, பல வருஷமாக உள்ளூர்க்காரர் என்று ஓடிய கணக்கைப் பற்றிக் கேள்வி வரும். அப்போது பதில் சொல்வது சிரமம்.

என்ஆர்ஓவா, என்ஆர்இயா

கிளையில் போய் "என் கணக்கை என்ஆர்இ ஆக்கித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது நடக்காது. ஏற்கெனவே இருக்கும் சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓவாக மட்டுமே மாறும். என்ஆர்இ வேண்டுமென்றால் புதிதாகத் திறக்க வேண்டும்.

இந்தியாவில் முளைத்த பணம் என்ஆர்ஓவுக்குப் போகும். வாடகை, எஃப்டி வட்டி, பழைய கம்பெனியிலிருந்து வர வேண்டிய பாக்கி எல்லாம் அதில்தான் வர வேண்டும். அதன் வட்டிக்கு வரி உண்டு. அதில் சேர்ந்திருக்கும் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக, வரி கட்டிய ஆதாரத்தோடு, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற வரம்பு இருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு உரியது என்ஆர்இ. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப்போகலாம்.

அதனால் துபாய் சம்பளத்தைப் பழைய பழக்கத்தில் என்ஆர்ஓவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வரியில்லாமல் கிடைக்க வேண்டிய வட்டிக்கு வரி பிடிப்பார்கள். பணத்தை மறுபடி வெளியே எடுக்கவும் ஆவணங்களோடு அலைய வேண்டும். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே என்ஆர்இ ஒன்றையும் சேர்த்துத் திறந்துவிடுவது நல்லது. ஒரே ஆவணத் தொகுப்பு இரண்டுக்கும் போதும்.

முதல் வேலை: ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன், கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி வரிவரியாகப் பாருங்கள். உள்ளே யார் பணம் போடுகிறார்கள், எது தானாக வெளியே போகிறது என்று இரண்டு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் என்று சொல்வதற்குக் காரணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை போவதெல்லாம் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் தெரியாது.

பல வங்கிகளில் கணக்கு எண் அப்படியே இருக்கும், வகை மட்டும் மாறும். சில வங்கிகளில் புது எண்ணே வரும். இதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். எண் மாறினால் இஎம்ஐக்குக் கொடுத்திருந்த தானியங்கி அனுமதி செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். எண் மாறாவிட்டாலும், அனுமதி கொடுத்தபோது "சேமிப்பு" என்றிருந்த வகை இப்போது "என்ஆர்ஓ" ஆகிவிட்டதால் முதல் தவணை திரும்பி வர வாய்ப்பு உண்டு. நம் துபாய்க்காரர் செய்ய வேண்டியது இதுதான்: இஎம்ஐ போன மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தவணைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் மாற்றம் முடியவில்லை என்றால், அந்த ஒரு தவணையைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டிவிடலாம்.

பழைய ஏடிஎம் கார்டும் செக் புக்கும் பெரும்பாலும் மாற்றத்தோடு முடக்கப்படும். யாருக்காவது முன்தேதியிட்ட செக் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வீட்டுச் செலவு உங்கள் கார்டை நம்பி ஓடுகிறதென்றால், மனைவியின் தனிக் கணக்குக்கு இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை முதலில் அனுப்பிவையுங்கள். உங்கள் கார்டையும் ரகசிய எண்ணையும் இன்னொருவர் பயன்படுத்துவதை, அவர் மனைவியே ஆனாலும், வங்கி ஏற்பதில்லை. கார்டு முடங்கிய பிறகு அவர் கிளைக்குப் போய்க் கேட்டாலும் உதவி கிடைக்காது.

அப்புறம் செல்போன் எண். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது செத்துப்போனால், ஓடிபி வராமல் பாதி வேலை அப்படியே நின்றுவிடும். கணக்கு மாறி, வெளிநாட்டு எண் வங்கியில் பதிவாகி, அதில் ஒரு ஓடிபி உண்மையிலேயே வந்து சேரும் வரை பழைய சிம்முக்கு உயிர் இருக்கட்டும். அமீரகம், சிங்கப்பூர், கத்தார் போன்ற சில நாடுகளின் எண்ணை வைத்தே என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வங்கியும் அதற்கு இடம் தந்திருக்க வேண்டும்.

கூட்டுக் கணக்கு: அதிகம் குழம்பும் இடம்

மனைவியோடு சேர்ந்த கணக்கில் இதுவரை "இருவரில் எவரும்" எடுக்கலாம் என்ற முறை இருந்திருக்கும். உங்கள் பெயர் முதலாவதாக இருந்து கணக்கு என்ஆர்ஓ ஆனால், ஊரில் இருப்பவரோடு சேர்ந்து வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் முறை "முதலாமவர், அவருக்குப் பின் மற்றவர்" என்று மாறிவிடும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மனைவி தன் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாது.

அதற்கு வழி, வங்கியின் அதிகாரக் கடிதம் அல்லது பவர் பத்திரம். அதில் அவரை நியமித்தால் கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு மாதிரியான உள்ளூர்ப் பட்டுவாடாக்களை அவர் செய்யலாம். உங்கள் சார்பில் அந்தப் பணத்தை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இந்தக் கடிதத்தையும் மாற்ற விண்ணப்பத்தோடு ஒரே கவரில் அனுப்புங்கள். தனியாக அனுப்பினால் இன்னொருமுறை சான்றொப்பத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

அப்பாவின் பென்ஷன் கணக்கு வேறு கதை. வங்கி உங்கள் வாடிக்கையாளர் எண்ணில் "வெளிநாடு வாழ்பவர்" என்று குறியிடும்போது, அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும் எல்லாக் கணக்குகளையும் அது தொட்டுவிடலாம். அப்பா ஊரில்தான் இருக்கிறார், பணமும் அவருடையது, முதல் பெயரும் அவருடையது. அந்தக் கணக்கு மாறக் கூடாது. நெருங்கிய உறவினரான என்ஆர்ஐயை இரண்டாவது பெயராக வைத்துக்கொண்டே சாதாரணக் கணக்காகத் தொடர ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. முக்கிய நிபந்தனை, அந்தக் கணக்கில் மகனின் சொந்தப் பணத்தைப் போடவோ, அதிலிருந்து மகன் தனக்காக எடுக்கவோ கூடாது. கிளை இதற்கு ஓர் உறுதிமொழி கேட்கும். அதைக் கொடுத்த பிறகும் கிளை தயங்கினால், மகன் பெயரை எடுத்துவிட்டு நாமினியாகப் போட்டுக்கொள்வது அப்பாவுக்கு நிம்மதியான வழி.

ஆவணங்களும் சான்றொப்பமும்

வழக்கமாகக் கேட்பவை: கணக்கு மாற்றப் படிவம், பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்கங்கள், விசா அல்லது குடியிருப்பு அட்டை, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான், புகைப்படம், எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்ற உறுதிமொழி. கம்பெனி கேம்ப்பில் தங்கியிருந்தால் உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ இருக்காது. அப்போது முகவரி குறிப்பிட்டு நிறுவனம் தரும் கடிதத்தை ஏற்குமா என்று வங்கியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்களே ஊருக்கு வந்து அசலைக் காட்டினால் வேலை எளிது. தபாலில் அனுப்பினால் நகல்களில் சான்றொப்பம் வேண்டும். இந்தியத் தூதரகம், அங்குள்ள நோட்டரி, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி ஆகியோரின் சான்றொப்பத்தை ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் ஏற்கின்றன. உங்கள் வங்கிக்கே அந்த ஊரில் கிளை இருந்தால் அதுதான் மலிவு, கேள்வியும் குறைவு.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது பெயர். கணக்கில் இனிஷியலோடு சொந்தப் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக வந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், பான் அட்டையில் மூன்றாவது மாதிரி இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு தனிக் கடிதத்தில் எழுதி, கணக்கில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றும்படி சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது கையெழுத்து. கல்லூரிக் காலத்தில் தமிழில் போட்டுக் கணக்குத் திறந்தவர் இன்று பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார். படிவத்தில் வங்கியிடம் இருக்கும் பழைய கையெழுத்தையே போடுங்கள். புதியதுக்கு மாற வேண்டுமென்றால், இரண்டையும் காட்டித் தனியாகக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது

படிவம் மட்டும் போனால் கிளை ஒரு கணக்கை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடும். அதனால் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்று ஒரு கடிதம் வையுங்கள். நம் துபாய்க்காரரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, நான் வேலை நிமித்தமாக ஜூன் மாதம் இந்தியாவை விட்டுச் சென்று தற்போது துபாயில் வசிக்கிறேன். என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கையும் அதனுடன் இணைந்த நிரந்தர வைப்பையும் என்ஆர்ஓ கணக்குகளாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வைப்பை முறிக்காமல், இப்போதுள்ள வட்டி விகிதத்திலும் முதிர்வுத் தேதியிலும் தொடரவும். என் தந்தையின் பென்ஷன் கணக்கில் நான் இரண்டாவது பெயராக மட்டுமே உள்ளேன். அதை மாற்ற வேண்டாம், உறுதிமொழி இணைத்துள்ளேன். என் மனைவிக்கான அதிகாரக் கடிதம் இணைத்துள்ளேன். நாமினி விவரம் தொடர வேண்டும். கணக்கு எண் மாறுமா, பழைய கார்டும் செக் புக்கும் எந்தத் தேதியில் நிற்கும் என்பதை மின்னஞ்சலில் தெரிவிக்கவும்."

இதற்குக் கீழே ஒவ்வொரு கணக்கு எண்ணையும் எழுதுங்கள். விண்ணப்பம் கிளையிலிருந்து வேறு மாநிலத்து மையத்துக்குப் போகும் வங்கியாக இருந்தால், இதே கடிதத்தின் ஆங்கில வடிவத்தையும் வைத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கோரிக்கை எண்ணோ இல்லாமல் விடாதீர்கள். வேறு வங்கிகளில் கணக்கு இருந்தால் அங்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வங்கி இன்னொன்றுக்குச் சொல்லாது.

உண்மையிலேயே மாறியதா என்று பார்ப்பது

"மாற்றிவிட்டோம்" என்று குறுஞ்செய்தி வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். இணைய வங்கியில் புதிதாக ஒரு ஸ்டேட்மென்ட் எடுத்து, கணக்கு வகையில் `NRO` என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எஃப்டியைத் தனியாகத் திறந்து பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். அப்பாவின் கணக்கையும் அவரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளம் அடுத்த வட்டி வரவில் கிடைக்கும். சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிக்காது. என்ஆர்ஓவில் வட்டி எத்தனை ரூபாயானாலும் பிடிக்கும். வட்டி விழுந்த வரிக்குப் பக்கத்திலேயே வரிக் கழிவும் இருந்தால் மாறியிருக்கிறது. வட்டி முழுசாக வந்திருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

வருமான வரி இணையதளத்திலும் உங்கள் நிலையை "வெளிநாடு வாழ்பவர்" என்று மாற்றிவிடுங்கள். குறிப்பாக ஆதாரோடு பான் இணைக்காதவர்கள் இதைச் செய்யாவிட்டால் பான் செயலிழந்ததாகக் காட்டும்.

வட்டியில் போகும் வரியும் திரும்ப வாங்குவதும்

என்ஆர்ஓ வட்டிக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஆக மொத்தம் 31.2 சதவீதம். நம்மவரின் 5 லட்ச ரூபாய் எஃப்டி 7 சதவீதத்தில் இருந்தால் வருஷ வட்டி 35,000. அதில் 10,920 ரூபாய் கழிந்துதான் கைக்கு வரும். பார்த்ததும் பதறி எஃப்டியை முறிப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

குறைக்க இரண்டு வழி. இந்தியா, அமீரகம் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இந்த வட்டிக்கு 12.5 சதவீதம்தான், அதாவது 4,375 ரூபாய். அதற்கு அமீரகத்தின் வரி இருப்பிடச் சான்றிதழ் வாங்கி, இங்குள்ள வரித்துறைப் படிவத்தோடு வருஷாவருஷம் வங்கியில் கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, வரி பிடிக்க விட்டுவிட்டு இந்தியாவில் ரிட்டர்ன் தாக்கல் செய்வது. இவருக்கு இந்தியாவில் வருஷ வாடகை 1,08,000, வட்டி 35,000, இரண்டும் சேர்த்து 1,43,000 ரூபாய். பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி கிடையாது என்பதால் கழித்த 10,920 ரூபாயும் முழுசாகத் திரும்ப வரும். இந்த அளவு வருமானத்துக்குச் சான்றிதழுக்காகச் செலவு செய்து அலைவதைவிட ரிட்டர்ன் போடுவதே லாபம் என்பது என் கணிப்பு. எஃப்டி பெரிதாக இருப்பவர்கள், வரி வரம்பைத் தாண்டுபவர்கள் சான்றிதழ் வாங்கட்டும்.

இதில் நம்மவர் ஜூனிலேயே கிளம்பியது வசதி. அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகவே இருந்ததால் வரிக்கும் அவர் வெளிநாடு வாழ்பவர்தான், துபாய்ச் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. அதுவே டிசம்பரில் கிளம்பியிருந்தால், கணக்கு என்ஆர்ஓ ஆனாலும் அந்த ஒரு வருஷத்துக்கு வரித்துறைக்கு அவர் உள்ளூர்க்காரர். மார்ச் வரை வந்த துபாய்ச் சம்பளத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டியிருக்கும்.

வங்கி இழுத்தடித்தால்

"மேனேஜர் லீவு", "மையத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்துகொண்டே இருந்தால், தொலைபேசியை விட்டு எழுத்துக்கு மாறுங்கள். கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கிக்கு நீங்கள் முதலில் எழுதிய கடிதமும் அதைப் பெற்றதற்கான அத்தாட்சியும் அங்கே கேட்கப்படும். கணக்கு மாறாமல் இருக்கும் இந்த இடைக்காலத்தில், சம்பளப் பணம் எதையும் அந்தக் கணக்குக்கு அனுப்பாமல் என்ஆர்இக்கே அனுப்புங்கள்.